'பிட்' எப்போது ஏலம், எப்போது முயற்சி?

கேள்வி: தமிழ்ச் செய்தி இணையதளம் ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் தருவதுதான் வேலை. செய்திக்குள் 'இன்வெஸ்டிகேஷன்' என்று இருப்பது தலைப்பில் 'புரோப்' ஆகிவிடுகிறது. 'அட்டெம்ப்ட்' என்பது 'பிட்' ஆகிறது. 'ரெட்யூஸ்', 'ஸ்லாஷ்' ஆகிறது. 'அஃபெக்ட்', 'ஹிட்' ஆகிறது. போன வாரம் 'ஒலிம்பிக் பிட்' என்று வந்ததை 'ஒலிம்பிக் ஏலம்' என்று போட்டு, வாசகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேச்சில் யாருமே சொல்லாத இந்தச் சொற்கள் தலைப்பில் மட்டும் ஏன் வருகின்றன? எந்த இடத்தில் என்ன பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, விருதுநகர்

பதில்: எல்லாம் இடப் பஞ்சத்தில் தொடங்கியது. செய்தியின் வாக்கியம் வரி நிறைந்தால் அடுத்த வரிக்குப் போய்விடும். தலைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. அகலத் தாளில் எட்டுப் பத்தி பிரித்தால் ஒரு பத்திக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம்தான் கிடைக்கும். அதில் 24 பாயிண்டில், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தலைப்பு வைத்தால் ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்கு மேல் நுழையாது. 'இன்வெஸ்டிகேஷன்' ஒன்றே பதின்மூன்று எழுத்து. ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் அதைச் சுருக்கவும் வழியில்லை. சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, எழுத்தின் உடம்பை இழைக்க முடியாது.

பெரிய செய்திக்கு அகலமான தலைப்பு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். 1840-களில் அமெரிக்காவில் வந்த ஹோ சுழல் அச்சு இயந்திரத்தில் அது எளிதாக இல்லை. அதில் ஈய எழுத்துகள் உருளையின் மேலேயே பூட்டப்பட்டிருந்தன. உருளை சுழலும்போது எழுத்து தெறித்துவிடாமல் பிடித்துக்கொண்டவை பத்திகளுக்கு நடுவே நின்ற ஆப்பு வடிவக் கோட்டுத் தகடுகள். தலைப்பை இரண்டு பத்திக்கு நீட்டினால் அந்தத் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே எத்தனை பெரிய செய்தியானாலும் தலைப்பு ஒரே பத்திக்குள் நின்று, பக்கவாட்டில் விரிய முடியாமல் கீழ்நோக்கி அடுக்கடுக்காக வளர்ந்தது. பக்கம் முழுவதையும் வளைந்த ஒரே தகடாக வார்க்கும் முறை பரவிய பிறகு இந்தத் தடை போயிற்று. ஆனால் அகலம் கிடைத்த உடனே எழுத்தையும் பெரிதாக்கிவிட்டார்கள். பாதி அளவுத் தாளில் வந்த டேப்ளாய்டுகள் முதல் பக்கத்தில் ஓர் அங்குல உயர எழுத்தைப் போட்டன. அங்கே பக்கம் முழுவதும் தலைப்புக்கே என்றாலும், ஒரு வரிக்கு உள்ள எழுத்து எண்ணிக்கை பழையபடி பத்துப் பன்னிரண்டுக்கே வந்து நின்றது.

நீளத்தை எப்படி அளந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்தச் சொற்கள் ஏன் வந்தன என்பது பாதி விளங்கிவிடும். ஆங்கில எழுத்துகள் ஒரே அகலம் இல்லை. ஆகவே துணை ஆசிரியர் மேசையில் எழுத்தை எண்ணாமல் அலகை எண்ணுவார்கள். சின்ன எழுத்துக்குப் பொதுவாக ஓர் அலகு. எஃப், எல், ஐ, ஜே, 'டேபிள்' என்பதன் முதலில் வரும் டி ஆகிய ஐந்தும் ஒல்லியானவை. தலைக்கு அரை அலகு. எம், டபிள்யூ இரண்டும் ஒன்றரை. பெரிய எழுத்துகளுக்கு ஒன்றரை, அவற்றில் எம்முக்கும் டபிள்யூவுக்கும் இரண்டு. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சில அலுவலகங்களில் அரை, சிலவற்றில் ஒன்று. இங்கே அரை என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கணக்கில் நீங்கள் கேட்ட சொற்களை நிறுத்துப் பாருங்கள். வினைச்சொல்லான 'இன்வெஸ்டிகேட்' 9 அலகு, 'புரோப்' 5. 'அட்டெம்ப்ட்' 6, 'பிட்' 2½. 'அஃபெக்ட்' 4½, 'ஹிட்' 2. 'ரெட்யூஸ்' 6, 'ஸ்லாஷ்' 4½. எல்லாமே லாபமாகத்தான் தெரிகிறது. ஆனால் சின்னச் சொல் எல்லாவற்றையும் இடத்துக்காகவே போட்டார்கள் என்று நம்பிவிட வேண்டாம். 'கட்' என்ற சொல் வெறும் 2½ அலகு. இடம்தான் பிரச்சினை என்றால் 'ரெட்யூஸ்' இருந்த இடத்துக்கு 'கட்' வந்திருக்க வேண்டும். அதைவிட இரண்டு அலகு கூடுதலான 'ஸ்லாஷ்' வருகிறது என்றால், அது இடத்துக்காக வரவில்லை, காரத்துக்காக வந்திருக்கிறது. 'இடம் பத்தவில்லை' என்ற சாக்கு இந்த ஒரு சொல்லுக்கு அநேகமாக எப்போதுமே செல்லாது.

'புரோப்' கதை வேறு. பெயர்ச்சொல்லாக 'இன்குயரி' என்று போட்டாலே 6 அலகுதான்; 'புரோப்' அதைவிட ஒரே ஓர் அலகு குறைவு. பெரிய மிச்சம் வினையில்தான். 'இன்குயர்' என்று எழுதினால் பின்னாலேயே 'இன்டு' என்ற ஒட்டுச்சொல்லும் வந்தாக வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 9½ அலகு. 'புரோப்' எந்த ஒட்டும் கேட்காது. எதை விசாரிக்கிறார்களோ அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். தலைப்புச் சொல்லுக்கு எழுத்துக் குறைவு மட்டும் போதாது, துணைச் சொல் கேட்காத குணமும் வேண்டும். அதோடு ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும். நீங்கள் கேட்ட நான்குமே அப்படி நிற்பவை. வசதியும் அதில்தான், வம்பும் அதில்தான்.

(சின்னச் சொல் என்றால் பழைய ஆங்கிலம், நீளச் சொல் என்றால் லத்தீன் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். 'பிட்', 'ஹிட்' வரைக்கும் அது சரி. 'புரோப்' லத்தீன் வழி வந்தது. காயத்துக்குள் விட்டு ஆழம் பார்க்கும் மருத்துவர்களின் மெல்லிய கம்பிக்கு அந்தப் பெயர். விசாரணை என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக அது புழங்கத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவில். ஆகவே பிறப்பைப் பார்த்துச் சேர்க்கவில்லை, அகலத்தைப் பார்த்தே சேர்த்தார்கள்.)

ஒரு தலைப்பைக் கட்டிப் பார்ப்போம். ரயில் சேவைகளில் சிலவற்றை நிறுத்த நிர்வாகம் திட்டமிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஒன்று அதை விசாரிக்கிறது. ஒற்றைப் பத்தி, மூன்று வரி, வரிக்கு 10½ அலகு. முதல் முயற்சியாக 'எம்பீஸ் இன்வெஸ்டிகேட்' என்று வைத்தால் 14 அலகு. பத்திக்கு வெளியே தொங்கும். அடுத்து, கொஞ்சம் கண்ணியமாக இப்படி வைக்கலாம்:

எம்பீஸ் இன்குயர்
இன்டு ரெயில் பிளான்
டு கட் ட்ரெயின்ஸ்

இரண்டாவது வரி 10½, சரியாக விளிம்பில் நிற்கிறது. மூன்றாவது 10. முதல் வரி மட்டும் 11. அரை அலகு அதிகம். ஈயத்தில் அந்த அரை அலகுக்கு மன்னிப்பு கிடையாது. அச்சுக்கோப்பவர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்போது துணை ஆசிரியர் எழுதுவது இது:

எம்பீஸ் புரோப்
ரெயில் பிட் டு
கட் ட்ரெயின்ஸ்

முறையே 10, 8, 8. மூன்றும் உட்கார்ந்துவிட்டன. 'புரோப்' இங்கே தன் இடத்தைச் சம்பாதித்தே வந்திருக்கிறது. ஆனால் நடுவரியைப் பாருங்கள். 2½ அலகு காலியாகக் கிடக்கிறது. 'பிட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 3½ அலகுள்ள 'பிளான்' என்பதைப் போட்டால் வரி 9 ஆகும், தாராளமாக நுழையும். அப்படியிருக்க 'பிட்' ஏன்? கை பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கு வாசகர் விலை கொடுக்கிறார்: 'ரெயில் பிட்' என்று படித்தவுடன் ரயில் நிறுவனத்தை யாரோ விலைக்குக் கேட்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போகும். அதே போல மூன்றாவது வரியில் 'கட்' இருக்குமிடத்தில் 'ஸ்லாஷ்' வைத்தாலும் 10 அலகுதான், நுழையும். ஆனால் நாற்பது சேவையில் மூன்றைத்தான் நிறுத்துகிறார்கள் என்றால் அந்தச் சொல் பொய். தவிர, ரயிலை யாரோ கத்தியால் கிழிக்கிறார்கள் என்றும் படிக்கலாம். இருக்கைகளைக் கிழிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம்.

'பிட்' என்றால் தமிழில் தேர்வறைக் காகிதம் முதலில் நினைவுக்கு வரும். அது வேறு சொல். இந்தப் பிட்டுக்கு ஆங்கிலத் தலைப்பில் மூன்று வேலை. முயற்சி ஒன்று, விலை கேட்பது ஒன்று, போட்டியோ மாநாடோ நடத்தும் உரிமையைக் கேட்பது ஒன்று. எது என்பதைச் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு இரு பக்கமும் நிற்பதைப் பார்க்க வேண்டும். பின்னால் 'டு' வந்து அதற்கடுத்து ஒரு வினை வந்தால் முயற்சி. முன்னாலோ பின்னாலோ தொகையோ, நிறுவனப் பெயரோ, 'டேக்ஓவர்' போன்ற சொல்லோ இருந்தால் விலை. முன்னால் ஒரு குற்றத்தின் பெயர் இருந்தால், 'மர்டர் பிட்' போல, கொலை முயற்சி. விளையாட்டுப் போட்டியின் பெயரும் ஆண்டும் இருந்தால் நடத்தும் உரிமை. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு 2024 அக்டோபரில் விருப்பக் கடிதம் அனுப்பியது; 'ஒலிம்பிக் பிட்' என்று ஆங்கிலத் தாள்கள் சொல்வது இந்த நகர்வைத்தான். யாரும் யாரையும் விட அதிக விலை கேட்கவில்லை, ஆகவே 'ஏலம்' பொருந்தாது. 'ஒலிம்பிக் முயற்சி' என்றாலும் பதக்கம் வாங்கும் முயற்சி மாதிரி ஒலிக்கும். '2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா விருப்பம்' என்று, அந்தக் கட்டத்தில் என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்வதுதான் பாதுகாப்பு.

'புரோப்' பொருளில் குழப்பம் தராது. விண்வெளிச் செய்தியில் மட்டும் ஆய்வுக் கலம் என்று வரும். ஆனால் நீதிமன்றச் செய்தியில் அதுதான் நான்கிலும் ஆபத்தானது. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்வெஸ்டிகேஷன், இன்குயரி, ட்ரையல் என மூன்றையும் தனித்தனியே பிரிக்கிறது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பிரிவினை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. முதலாவது, போலீசார் சாட்சியம் திரட்டுவது. இரண்டாவது, மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ நடத்துவது, ஆனால் ட்ரையல் அல்லாதது. இவை தவிர, 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு அமைக்கும் விசாரணை ஆணையம் இருக்கிறது. அலுவலகத்துக்குள் நடக்கும் துறை விசாரணையும் இருக்கிறது. தலைப்பின் 'புரோப்' இவை அத்தனையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

தமிழில் சிக்கல் இன்னும் கூடும். நம்முடைய 'விசாரணை' இவற்றோடு நீதிமன்றத்தில் வழக்கு எடுத்துக்கொள்ளப்படுவதையும் குறிக்கும். 'அமைச்சர் மீது விசாரணை' என்று நீங்கள் போட்டால், போலீஸ் தேடுகிறதா, ஆணையம் அமைந்திருக்கிறதா, வழக்கு இன்றைக்கு நீதிபதி முன் வருகிறதா என்று வாசகருக்குத் தெரியாது. ஒருவர் கொடுத்த புகாரைப் பெற்றுக்கொண்டு 'பார்க்கிறோம்' என்று அதிகாரி சொன்னதற்கும் ஆங்கில மேசைகள் 'புரோப்' போடுவதுண்டு. ஆகவே அந்தச் சொல் வந்த உடனே செய்திக்குள் இறங்கி இரண்டைத் தேடுங்கள்: யார் விசாரிக்கிறார்கள், தொடங்கிவிட்டார்களா இல்லை கோரிக்கை மட்டும்தானா. தலைப்பில் விசாரிப்பவரின் பெயரைச் சேருங்கள். 'சிபிஐ விசாரணை', 'துறை விசாரணை', 'ஆணையம் விசாரிக்க உத்தரவு' என்று ஒரு சொல் கூடினாலே போதும். கோரிக்கை என்றால் 'விசாரணை கோரி மனு'. இங்கே ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மறுப்பு அறிக்கையும் வக்கீல் நோட்டீசும் வரும்.

'ஸ்லாஷ்' வந்தால் எண்ணைப் பார்க்காமல் மொழிபெயர்க்காதீர்கள். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆகக் குறைத்தது. கால் சதவீதம், வழக்கமான கூட்டத்தில் வழக்கமான அளவு. 2020 மார்ச் 27 அன்று, கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில், கூட்டத்தை முன்கூட்டியே கூட்டி 5.15 சதவீதத்திலிருந்து 4.40 ஆகக் குறைத்தது. ஒரே அடியில் முக்கால் சதவீதம். இரண்டாவதற்கு 'ஸ்லாஷ்' என்று ஒருவர் எழுதினால் சண்டைக்குப் போகத் தேவையில்லை. முதலாவதற்கு அது மிகை. ஆனால் இரண்டுக்கும் அதே சொல்லைப் பார்க்க நேரும், காரணம் வட்டி என்றாலே அந்தச் சொல் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழில் அதைப் பார்த்தவுடன் 'அதிரடி குறைப்பு' என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஆங்கிலம் சொல்லை மாற்றிக் காரம் ஏற்றுகிறது, நாம் சொல்லைக் கூட்டிக் காரம் ஏற்றுகிறோம், அதுவும் இல்லாத இடத்தில். 'வட்டி 0.25% குறைப்பு' என்றால் எண்ணே பேசும். 'அதிரடி' எடுத்துக்கொள்ளும் இடத்தில் 'வீட்டுக் கடன்' என்பது தாராளமாக உட்காரும்.

'ஹிட்' நான்கில் மிகச் சின்னது, மிக நிலையற்றது. 'சென்செக்ஸ் ஹிட்ஸ்' என்று வந்து பின்னால் ஓர் எண்ணோ 'ஹை', 'லோ' போன்ற சொல்லோ இருந்தால் 'தொட்டது'. 'ஹிட்ஸ் அவுட்' என்றால் 'சாடினார்'. புயல் முன்னால் இருந்து கரை பின்னால் இருந்தால் 'தாக்கியது'. ஏற்றுமதி, போக்குவரத்து, பயிர் போன்றவற்றோடு வந்தால் 'பாதிப்பு'. தாதா கும்பல் செய்தியில் பெயர்ச்சொல்லாக நின்றால் கூலிக் கொலை. பயிரையும் போக்குவரத்தையும் 'தாக்கியது' என்று எழுதுவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. மழை சென்னையைத் தாக்கலாம். மழை ரயில் சேவையைத் தாக்காது.

இந்தச் சொல்லில் இன்னொரு பொறி இருக்கிறது. 'ஹிட்', 'கட்' போன்ற வினைகளுக்கு நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். தலைப்பில் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்றவற்றை விட்டுவிடுவார்கள் என்பதால், அடித்தவரா அடிபட்டவரா என்பதே உருவத்தில் தெரியாது. 'த்ரீ டவுன்ஸ் ஹிட்' என்றால் மூன்று ஊர்கள் அடித்தன என்றும் படிக்கலாம், அடிபட்டன என்றும் படிக்கலாம். பின்னால் 'பை' வந்தால் அடிபட்டவை. நேராக ஒரு பெயர்ச்சொல் வந்தால் அடித்தவை. ஒன்றும் வராமல் தலைப்பு முடிந்துவிட்டால் அநேகமாக அடிபட்டவை. 'ஹெல்ட்' என்பதும் இந்த இனம்தான். 'மேன் ஹெல்ட்' என்று முடிந்தால் அந்த ஆள் எதையும் பிடிக்கவில்லை, அவரைத்தான் போலீஸ் பிடித்திருக்கிறது. (அதையும் உடனே 'கைது' என்று எழுதிவிட வேண்டாம், பிடித்து வைத்து விசாரிப்பதற்கும் அந்தச் சொல்லைப் போடுவார்கள்.) காலத்தைப் பொறுத்தவரை ஒரு விதி போதும்: நிகழ்கால உருவம் நேற்று நடந்ததைச் சொல்கிறது, 'டு' சேர்ந்த வினை இனி நடக்கப் போவதைச் சொல்கிறது.

பெயரா வினையா என்று தெரியாத சொற்கள் வரிசையாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் ஜப்பானிய ஆங்கிலச் செய்தித் தளம் ஒன்றில் வந்த தலைப்பு பெயர் பெற்றது: 'வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜேஏஎல் கிராஷ் பிளாசம்ஸ்'. 1985-இல் 520 பேர் இறந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் தந்தையை இழந்த வயலின் கலைஞர் ஒருவர் கலையில் மலர்ந்து வருகிறார் என்பதுதான் செய்தி. கடைசிச் சொல்லான 'பிளாசம்ஸ்' இங்கே வினை, 'மலர்கிறார்'. ஆனால் படிக்கிறவர் 'லிங்க்ட்' என்பதை வினையாக எடுத்துக்கொண்டு, 'கிராஷ் பிளாசம்ஸ்' என்பதை ஏதோ விபத்துப் பூக்கள் என்று சேர்த்துப் படித்து முழிப்பார். அந்த ஆண்டிலிருந்து இப்படித் தடம் புரளும் தலைப்புக்கே 'கிராஷ் பிளாசம்' என்று எடிட்டர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இத்தகைய தலைப்பு உங்களிடம் வந்தால் இடமிருந்து வலமாக மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். முதலில் வினை எது என்று தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சொல் வினையாகத் தகுந்ததாக இருந்தால், ஒவ்வொன்றையும் வினையாக வைத்து மீதியைப் படித்துப் பாருங்கள். பொருள் தரும் வாசிப்பு ஒன்றுதான் மிஞ்சும். மிஞ்சாவிட்டால் செய்தியின் முதல் பத்தியைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தலைப்பு எழுதியவரும் அந்தப் பத்தியிலிருந்துதான் அதைப் பிழிந்திருப்பார்.

நம் ஊர் ஆங்கிலத் தாள்களுக்கென்று தனியாக ஒரு சின்னச் சொல் கூட்டமும் உண்டு. 'நாட்' என்றால் தலையாட்டல் அல்ல, ஒப்புதல். 'பிளீ' என்றால் கெஞ்சல் அல்ல, மனு. 'ஃபிளே' என்றால் தோலை உரிக்கவில்லை, கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். 'ரேப்' என்று முடியும் தலைப்பில் எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்: ஆர், ஏ, பி என்று மூன்றே எழுத்தென்றால் அது நீதிமன்றத்தின் கண்டனம், கடைசியில் ஈ சேர்ந்தால் பாலியல் வன்கொடுமை. அவசரத்தில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் பத்தி அகலம் இல்லையே, இன்னும் ஏன் இந்தச் சொற்கள் என்றால், ஏஜென்சிகளின் தலைப்புகள் அச்சுக்கும் சேர்த்தே எழுதப்படுகின்றன, கைப்பழக்கமும் போகவில்லை. திரையிலும் எல்லை இல்லாமல் இல்லை. தேடல் முடிவுகளில் ஆங்கிலத் தலைப்பு சுமார் அறுபது எழுத்துக்கு மேல் போனால் வெட்டுப்படும். ஆனால் தேடுகிறவர் பேச்சுவழக்குச் சொல்லைத்தான் தட்டுகிறார் என்பதால், இணையத் தலைப்புகளில் 'இன்வெஸ்டிகேஷன்' மெல்லத் திரும்பி வருகிறது.

உங்கள் தமிழ்த் தலைப்புக்கு அந்த அறுபதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைப்பைத் தட்டும் பெட்டியில் ஓடும் எண்ணிக்கை யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்தென்று சொல்வதை அல்ல. 'விசாரணை' நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். 'முயற்சி'யும் நமக்கு நான்கு, கணினிக்கு ஏழு. ஆனால் திரையில் இரண்டும் ஒரே நீளம் இல்லை; புள்ளி கணக்கில் ஒன்று ஏறினாலும் அகலத்தில் ஏறாது, துணைக்கால் இரண்டிலும் ஏறும். எண்ணை நம்பாமல் கைபேசித் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுவதே சரி.

தமிழும் தலைப்புக்கென்று சொல் வைத்திருக்கும் மொழிதான். 'லாரி மோதி 3 பேர் பலி' என்று தினமும் படிக்கிறோம். வீட்டில் யாரும் 'தாத்தா பலி' என்று சொல்வதில்லை. நம்முடைய 'புரோப்' அதுதான். ஆனால் நாம் சுருக்கும் விதம் வேறு. ஆங்கிலம் நீளச் சொல்லுக்குப் பதில் வேறொரு சின்னச் சொல்லைத் தேடுகிறது. தமிழ் அதே சொல்லின் வாலை வெட்டுகிறது. 'கைது செய்யப்பட்டார்' என்பது 'கைது'. 'பாதிக்கப்பட்டது' என்பது 'பாதிப்பு'. 'குறைக்கப்பட்டுள்ளது' என்பது 'குறைப்பு'. பொருள் மாறாமல் சுருங்குவதால், ஆங்கிலத் துணை ஆசிரியர் காரமான சொல்லுக்குப் போக வேண்டிய இடத்தில் நமக்கு அந்த நிர்ப்பந்தமே இல்லை. மேலே கட்டிய ரயில் தலைப்பைத் தமிழில் வைத்துப் பாருங்கள்: 'ரயில் சேவை குறைப்பு திட்டம்: எம்.பி.க்கள் குழு விசாரணை'. 'பிட்' இல்லை, 'ஸ்லாஷ்' இல்லை, யார் விசாரிக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. செய்தியில் சேவைகளின் எண்ணிக்கை இருந்தால் 'ரயில் சேவை' என்பதை '3 ரயில்கள்' என்று மாற்றிவிடுங்கள். தலைப்பும் நீளாது, வாசகருக்குத் தன் ரயில் அதில் உண்டா என்று பார்க்கும் ஆவலும் வரும்.